நேர்முகத் தேர்வுக்குச் சைகை மொழிபெயர்ப்பாளரோ சாய்தளமோ வேண்டுமா? எச்.ஆரிடம் முன்கூட்டியே சொல்லும் முறை: முழுமையான வழிகாட்டி

சென்னையில் தனியார் வேலைக்கு விண்ணப்பிக்கும் மாற்றுத்திறனாளி நண்பர்களுக்கு இந்த மெயில்களை எழுத உதவி வருகிறேன். வசதி கேட்கவே தயங்குகிறவர்கள் குறைவுதான். தாமதமாக, சம்பந்தமில்லாத ஆளிடம், பாதித் தகவலோடு கேட்கிறவர்கள் அதிகம். அப்படிக் கேட்டால் நல்ல மனசுள்ள எச்.ஆர். கூடச் சொதப்பிவிடுவார்.

ஒரே ஒரு விண்ணப்பத்தைக் கடைசிவரை உதாரணமாக வைத்துக்கொள்வோம். பி.காம். முடித்த, காது கேளாத ஓர் இளம்பெண். அம்பத்தூரில் உள்ள ஒரு நிறுவனத்தில் கணக்கு உதவியாளர் வேலைக்கு விண்ணப்பித்திருக்கிறார். சைகை மொழியில்தான் அவருக்குச் சரளமாகப் பேச வரும். சக்கர நாற்காலியில் போகிறவர்களுக்கு எங்கே வித்தியாசப்படுகிறதோ அதை 7-வது பகுதியில் தனியாகச் சொல்கிறேன்.

## 1. கேட்பதற்கு முன்: தேவையைச் செயலாக மாற்றி எழுதுங்கள்

முதலில் ஒரு தாள் எடுத்து, எதிரில் இருப்பவர் என்ன செய்ய வேண்டும் என்று எழுதுங்கள். உங்கள் உடம்பைப் பற்றிய விவரம் இந்தத் தாளில் வேண்டாம்.

"எனக்கு 80 சதவீதம் செவித்திறன் குறைபாடு" என்று எழுதினால் எச்.ஆருக்கு அதை வைத்து ஒன்றும் செய்யத் தெரியாது. உரக்கப் பேசினால் போதும் என்று நினைத்துக்கொள்வார். "இன்டர்வியூ நேரம் முழுவதும் இந்திய சைகை மொழி தெரிந்த மொழிபெயர்ப்பாளர் ஒருவர் அறையில் இருக்க வேண்டும்" என்று எழுதினால், அது அவர் செய்து முடிக்கக்கூடிய ஒரு வேலை.

அடுத்து, தேர்வின் ஒவ்வொரு ரவுண்டையும் தனித்தனியாக யோசியுங்கள். நம் உதாரணத்தில் நான்கு கட்டங்கள்: எச்.ஆர். போனில் பேசுவது, கம்ப்யூட்டரில் டேலி தேர்வு, குழு விவாதம், மேலாளருடன் நேர்முகம். டேலி தேர்வுக்கு மொழிபெயர்ப்பாளர் தேவையே இல்லை. தொடக்கத்தில் வாயால் சொல்லும் விதிமுறைகளை எழுதிக் கொடுத்தால் போதும். போன் கட்டத்துக்குப் பதிலாக வாட்ஸ்அப்பில் எழுத்திலேயே பேசலாம். மொழிபெயர்ப்பாளர் உண்மையாகவே வேண்டியது கடைசி இரண்டுக்கு மட்டும்.

இப்படிப் பிரித்துப் பார்ப்பதற்குக் காரணம் உண்டு. "எல்லாவற்றுக்கும் ஆள் வேண்டும்" என்று கேட்டால் செலவும் சிக்கலும் பெரிதாகத் தெரியும். "இந்த இரண்டு மணி நேரத்துக்கு மட்டும்" என்றால் சரி என்று சொல்வது சுலபம்.

மாற்றுத்திறனாளி அடையாள அட்டை (யு.டி.ஐ.டி. அட்டை) இருந்தால் அதன் நகலைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் முதல் மெயிலிலேயே இணைக்க வேண்டாம். அதில் உங்கள் குறைபாட்டின் வகையும் சதவீதமும் இருக்கின்றன. இன்டர்வியூ ஏற்பாட்டுக்கு அந்த விவரம் தேவையில்லை. அவர்கள் கேட்டால் கொடுக்கலாம்.

## 2. எப்போது சொல்வது

ரெஸ்யூமில் எழுத வேண்டியதில்லை. உங்களைத் தேர்வுப் பட்டியலில் சேர்த்துவிட்டோம் என்று தகவல் வந்த பிறகு, தேதி உறுதியாவதற்கு முன்னால் சொல்லுங்கள். சரியான இடம் இதுதான்.

தேதிக்கு முன்னால் ஏன்? சைகை மொழிபெயர்ப்பாளர்கள் எண்ணிக்கையில் குறைவு. நல்லவர்களை நீதிமன்றம், மருத்துவமனை, கல்லூரி, திருமணம் என்று எல்லோரும் கூப்பிடுகிறார்கள். அவர் எந்த நாளில் வர முடியும் என்பதைப் பார்த்துத்தான் இன்டர்வியூ தேதியே முடிவாக வேண்டும். தேதியை ஒப்புக்கொண்டு அப்புறம் ஆள் தேடினால், பாதி நேரம் "அன்றைக்கு வேறு வேலை இருக்கிறது" என்ற பதில்தான் வரும். பிறகு தேதியை மாற்றக் கேட்க வேண்டியிருக்கும். அது உங்கள் தவறுபோலத் தெரியும்.

ஒரு வாரம் முன்னால் சொன்னால் நிம்மதி. குறைந்தது மூன்று வேலை நாளாவது கொடுங்கள். நாளைக்கு இன்டர்வியூ என்று இன்றைக்குத்தான் அழைத்தார்கள் என்றால், வரச் சம்மதம் சொல்லும் அதே பதிலிலேயே இதையும் கேட்டுவிடுங்கள். சம்மதம் ஒரு மெயில், தேவை இன்னொரு மெயில் என்று பிரித்தால் இரண்டாவதை யாரும் திறப்பதில்லை.

இதற்கு ஒரு விதிவிலக்கு இருக்கிறது. காது கேளாதவர்கள் அதிகம் தோற்பது முதல் போன் அழைப்பில்தான். நௌக்ரி போன்ற தளங்களில் ரெஸ்யூமைப் பார்த்ததும் ரெக்ரூட்டர் நேராகப் போன் போடுவார். நீங்கள் எடுக்க மாட்டீர்கள். வீட்டில் வேறு யாராவது எடுத்துத் தடுமாறுவார்கள். "பதில் இல்லை" என்று குறித்துவிட்டு அவர் அடுத்த பெயருக்குப் போய்விடுவார். நீங்கள் நிராகரிக்கப்பட்டது உங்களுக்கே தெரியாது.

இதைத் தடுக்க ரெஸ்யூமில் போன் எண்ணுக்குப் பக்கத்தில் "வாட்ஸ்அப் செய்தி அல்லது மெயில் மட்டும்" என்று எழுதுங்கள். காரணம் எழுத வேண்டாம். தொடர்பு முறை மட்டும் தெரிந்தால் போதும்.

ஆன்லைன் விண்ணப்பத்தில் "தேர்வின்போது ஏதாவது வசதி வேண்டுமா" என்று ஒரு கேள்வி இருந்தால் அங்கே ஆம் என்று குறியுங்கள். அத்தோடு வேலை முடிந்தது என்று இருந்துவிடாதீர்கள். அந்தப் பெட்டியில் குறித்தது இன்டர்வியூ நடத்துபவரிடம் போய்ச் சேராமலே போவது சாதாரணம்.

## 3. யாரிடம் சொல்வது

உங்களை அழைத்தவர் நிறுவனத்தின் சொந்த எச்.ஆரா, வெளி கன்சல்டன்சியா என்று முதலில் பாருங்கள். மெயில் முகவரியில் @ குறிக்குப் பின்னால் வரும் பெயரைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

கன்சல்டன்சி என்றால் அறை, ஆள், செலவு எதையும் முடிவு செய்யும் அதிகாரம் அவரிடம் இல்லை. அவர் வெறும் தபால்காரர். சில சமயம் தன் வேட்பாளரின் வாய்ப்பு குறைந்துவிடுமோ என்று பயந்து, தகவலைச் சொல்லாமலே விட்டுவிடுவார். அதனால் அவரிடம் இப்படிக் கேளுங்கள்: "இந்த ஏற்பாட்டைப் பற்றி நிறுவனத்தில் யாரிடம் நேரடியாகப் பேசலாம்? அவருடைய மெயில் முகவரி கொடுங்கள். உங்களையும் அதில் சேர்த்துக்கொள்கிறேன்." இப்படிக் கேட்டால் அவரைத் தாண்டிப் போகிறோம் என்ற மனத்தாங்கலும் வராது.

பெரிய நிறுவனம் என்றால் இன்னொரு வழியும் உண்டு. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இன் 21-வது பிரிவு, ஒவ்வொரு நிறுவனமும் சம வாய்ப்புக் கொள்கை ஒன்றை வெளியிட வேண்டும் என்கிறது. 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் தனியார் நிறுவனமாக இருந்தால், மாற்றுத்திறனாளிகளைத் தேர்ந்தெடுக்கும் முறையும், இதைக் கவனிக்க நியமிக்கப்பட்ட தொடர்பு அலுவலர் பற்றிய விவரமும் அந்தக் கொள்கையில் இருக்க வேண்டும் என்று 2017 விதிகள் சொல்கின்றன. நிறுவனத்தின் இணையதளத்தில் தேடிப் பாருங்கள். கிடைத்தால் அந்த அலுவலரையும் மெயிலில் சேருங்கள். எச்.ஆர். விடுப்பில் போனாலும் ஒருவர் கண்ணில் படும்.

போனில் சொன்னாலும் சரி, நேரில் சொன்னாலும் சரி, அதே நாளில் எழுத்திலும் அனுப்பிவிடுங்கள். உங்களுடன் பேசும் எச்.ஆர். வேறு, அறை ஒதுக்கும் நிர்வாகப் பிரிவு வேறு, உங்களைக் கேள்வி கேட்கப்போகும் மேலாளர் வேறு. மூவருக்கும் போவது எழுத்து மட்டும்தான்.

## 4. மெயிலை எழுதுவது

மெயிலில் ஐந்து விஷயம் இருந்தால் போதும்: எந்த வேலை, எந்தக் கட்டம், என்ன தேவை, யார் ஏற்பாடு செய்வது, எந்தத் தேதிக்குள் பதில் வேண்டும். நம் உதாரணத்துக்கான மெயில் இது:

> பொருள்: கணக்கு உதவியாளர் நேர்முகத் தேர்வு – சைகை மொழிபெயர்ப்பாளர் ஏற்பாடு
>
> வணக்கம்.
>
> கணக்கு உதவியாளர் பணிக்கான தேர்வுக்கு அழைத்ததற்கு நன்றி. கலந்துகொள்ள விரும்புகிறேன்.
>
> எனக்குக் காது கேட்காது. இந்திய சைகை மொழியில் பேசுவேன். குழு விவாதத்துக்கும் மேலாளருடனான நேர்முகத்துக்கும் சைகை மொழிபெயர்ப்பாளர் தேவை. டேலி தேர்வுக்குத் தேவையில்லை. விதிமுறைகளை எழுத்தில் கொடுத்தால் போதும்.
>
> மொழிபெயர்ப்பாளரை நிறுவனம் ஏற்பாடு செய்து, கட்டணத்தையும் ஏற்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். சென்னையில் பணிபுரியும் இரண்டு மொழிபெயர்ப்பாளர்களின் விவரம் கீழே உள்ளது. அடுத்த வாரம் செவ்வாய், வியாழன் இரு நாட்களிலும் அவர்களால் வர முடியும். அதில் ஒரு நாளில் நேர்முகத்தை வைத்தால் வசதியாக இருக்கும்.
>
> மொழிபெயர்ப்புக்குச் சற்றுக் கூடுதல் நேரம் ஆகும் என்பதால் நேர்முகத்துக்கு 15 நிமிடம் அதிகமாக ஒதுக்க வேண்டுகிறேன்.
>
> இந்த வெள்ளிக்கிழமைக்குள் உறுதி செய்தால் அவர்களை முன்பதிவு செய்ய முடியும். என்னைத் தொடர்புகொள்ள வாட்ஸ்அப் செய்தி அல்லது மெயில் அனுப்பவும்.

நிறுவனம் ஆங்கிலத்தில் எழுதினால் இதே வரிசையில் ஆங்கிலத்தில் எழுதுங்கள்.

இந்த மெயிலில் மன்னிப்பு எங்கும் இல்லை. "சிரமம் கொடுப்பதற்கு மன்னிக்கவும்" என்று எழுதிவிட்டால், படிப்பவர் இதைச் சிரமமாகவே பார்க்கத் தொடங்குவார். அதேபோல் சட்டப் பிரிவு எதையும் முதல் மெயிலில் காட்ட வேண்டாம். இன்னும் மறுக்காத ஒருவரிடம் சட்டம் பேசினால் அவர் உங்கள் மெயிலை நிறுவனத்தின் வக்கீல்களுக்கு அனுப்பிவிட்டுப் பதில் வரும்வரை காத்திருப்பார். உங்கள் ஒரு வாரம் அங்கேயே கரைந்துவிடும்.

மொழிபெயர்ப்பாளர்களின் பெயரை நீங்களே கொடுப்பது ரொம்ப முக்கியம். பெரும்பாலான எச்.ஆர்கள் இதுவரை ஒருவரைக்கூடக் கூப்பிட்டிருக்க மாட்டார்கள். எங்கே தேடுவது என்றே தெரியாது. காது கேளாதோர் சங்கங்கள், சிறப்புப் பள்ளிகள் வழியாக ஆட்களைத் தெரிந்துகொள்ளலாம். டெல்லியில் உள்ள இந்திய சைகை மொழி ஆராய்ச்சி மற்றும் பயிற்சி மையம் மொழிபெயர்ப்புக்கென்றே பட்டயப் படிப்பு நடத்துகிறது. அதை முடித்தவர் கிடைத்தால் இன்னும் நல்லது. அவர்களிடம் முதலில் அனுமதி கேட்டுவிட்டு எண்ணைக் கொடுங்கள். மணிக்கணக்கில் வாங்குவாரா அரை நாள் கணக்கிலா, பயணச் செலவு தனியா என்பதையும் கேட்டு ஒரு வரியில் எழுதிவிட்டால் எச்.ஆர். உடனே ஒப்புதல் வாங்கிவிடுவார்.

## 5. வரும் பதில்களும், அதற்கு என்ன சொல்வது என்பதும்

"பார்த்துக்கலாம், நீங்க வாங்க." இதுதான் மிக ஆபத்தான பதில். கேட்க இதமாக இருக்கும். பின்னால் ஒரு ஏற்பாடும் இருக்காது. உடனே நன்றி சொல்லிவிட்டு ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "எந்த மொழிபெயர்ப்பாளர் வருகிறார், எத்தனை மணிக்கு?" பெயர் வந்தால் ஏற்பாடு நடந்திருக்கிறது. பெயர் வராவிட்டால் இன்னும் யாரும் தொடங்கவே இல்லை என்று பொருள்.

"வீட்டுல இருந்து யாரையாவது கூட்டிட்டு வாங்க." நல்லெண்ணத்தில் சொல்வதுதான். ஆனால் ஒப்புக்கொள்ளாதீர்கள். அம்மாவோ அண்ணனோ வந்தால் மேலாளர் அவர்களைப் பார்த்தே கேள்வி கேட்பார். "அவ நல்லா பண்ணுவா சார்" என்று அவர்களே பதிலும் சொல்லிவிடுவார்கள். 'இன்புட் டேக்ஸ் கிரெடிட்' என்ற சொல்லை வீட்டில் யாரும் சைகையில் சொல்லிப் பழகியிருக்க மாட்டார்கள். "குடும்பத்தினர் வந்தால் என் பதிலை நீங்கள் சரியாக மதிப்பிட முடியாது, பயிற்சி பெற்றவர் தேவை" என்று எழுதுங்கள். அவர்களுக்கும் இது புரியும் காரணம்.

"எழுதிக் காட்டியே பேசிக்கலாமே?" உங்களுக்கு எழுத்து வேகமாக வரும், அதுவே வசதி என்றால் சரி என்று சொல்லுங்கள். வராது என்றால் தயங்காமல் மறுத்துவிடுங்கள். சைகை மொழியில் வளர்ந்த பலருக்கு ஆங்கிலமும் தமிழும் இரண்டாம் மொழிகள்தான். எழுத்தில் வரும் சிறு பிழையை வைத்துக் கணக்கு அறிவை எடைபோட்டுவிடுவார்கள்.

"பட்ஜெட் இல்லை." இதற்கு மட்டும் மாற்று வழி ஒன்றைக் கையில் வைத்திருங்கள். நேர்முகத்தை வீடியோ அழைப்பில் வைத்தால் பயணச் செலவு மிச்சம். மொழிபெயர்ப்பாளர் திருச்சியிலோ மதுரையிலோ இருந்தபடியே சேர்ந்துகொள்ளலாம். குழு விவாதத்துக்குப் பதிலாக ஒரு எழுத்துப் பயிற்சி கொடுக்கச் சொல்லிக் கேட்கலாம். அவசரம் என்றால் நீங்களே கட்டணம் கொடுத்துவிட்டு ரசீது தருவதாகச் சொல்லலாம். ஆனால் திருப்பித் தருவோம் என்பதை முன்னாலேயே எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

பதிலே வரவில்லை. நீங்கள் குறித்த நாள் தாண்டியதும் அதே மெயிலுக்குக் கீழேயே ஒரு நினைவூட்டல் அனுப்புங்கள். புதிய மெயில் தொடங்க வேண்டாம். பழைய கோரிக்கை கீழே இருப்பதுதான் பிறகு உங்களுக்குச் சான்று.

## 6. மொழிபெயர்ப்பாளர் உறுதியான பிறகு

ஆள் கிடைத்துவிட்டார் என்றதும் பாதி வேலைதான் முடிந்திருக்கிறது.

அவர் எந்த மொழியில் குரல் கொடுப்பார் என்று கேளுங்கள். சென்னையில் பலர் சைகையைத் தமிழில்தான் சொல்லிப் பழகியவர்கள். உங்களை நேர்காணும் மேலாளர் பெங்களூரிலிருந்து வருபவர், ஆங்கிலத்தில்தான் கேட்பார் என்றால் ஆங்கிலத்திலும் தேர்ந்தவர் வேண்டும். இதை யாரும் யோசிப்பதில்லை. அன்றைக்கு அறையில் உட்கார்ந்த பிறகு தெரிந்தால் ஒன்றும் செய்ய முடியாது.

இரண்டு நாள் முன்னால் அவருக்கு வேலை விவரக் குறிப்பையும் உங்கள் ரெஸ்யூமையும் அனுப்புங்கள். ஒரு வீடியோ அழைப்பில் துறைச் சொற்களை இருவரும் ஒத்திகை பாருங்கள். ஜி.எஸ்.டி., டி.டி.எஸ்., லெட்ஜர், வங்கிச் சரிபார்ப்பு. இவற்றுக்கு நீங்கள் என்ன சைகை காட்டுகிறீர்கள் என்பது அவருக்குத் தெரியாவிட்டால் எழுத்து எழுத்தாகக் காட்டச் சொல்லி நிறுத்துவார். உங்கள் பதிலின் ஓட்டம் உடையும். அதைவிட, தப்பான சொல்லைச் சொல்லிவிட்டால் தப்பு உங்களுடையதாகத்தான் மேலாளர் காதில் விழும்.

மொத்த நேரம் ஒரு மணிக்கு மேல் போனால் இருவர் வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். 20, 30 நிமிடத்துக்கு ஒருமுறை அவர்கள் மாறி மாறிச் செய்வார்கள். ஒரே ஆள் தொடர்ந்து செய்தால் களைப்பில் வாக்கியங்கள் விடுபடத் தொடங்கும்.

உட்காரும் இடத்தையும் எச்.ஆருக்கு எழுதுங்கள். மொழிபெயர்ப்பாளர் மேலாளருக்குப் பக்கத்தில், உங்களை நோக்கி உட்கார வேண்டும். அப்போதுதான் இருவர் முகமும் ஒரே பார்வையில் தெரியும். பழக்கமில்லாதவர்கள் அவரை உங்கள் பக்கத்து நாற்காலியில் உட்காரவைப்பார்கள். நீங்கள் அவரைப் பார்க்கத் திரும்பினால் மேலாளரைப் பார்க்க முடியாது. அவர்களுக்குப் பின்னால் ஜன்னல் வெளிச்சமும் இருக்கக் கூடாது. கையும் முகமும் நிழலாகிவிடும்.

மேலாளருக்கு மூன்று விதிகள் போதும்: உங்களைப் பார்த்து நேராகப் பேச வேண்டும், "அவங்ககிட்ட கேளுங்க" என்று மொழிபெயர்ப்பாளரிடம் சொல்லக் கூடாது, ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச வேண்டும். குழு விவாதத்தில் இந்தக் கடைசி விதி இல்லாவிட்டால் எவ்வளவு கெட்டிக்கார மொழிபெயர்ப்பாளராலும் தொடர முடியாது. கையைத் தூக்கிவிட்டுப் பேசும் முறையைக் கேளுங்கள்.

வீடியோ அழைப்பு என்றால் மொழிபெயர்ப்பாளருக்குத் தனி இணைப்பு அனுப்பச் சொல்லுங்கள். கூட்டம் தொடங்கியதும் அவருடைய படத்தை உங்கள் திரையில் Pin செய்துவிடுங்கள். இல்லாவிட்டால் யார் பேசுகிறாரோ அவர் படம் பெரிதாகி, மொழிபெயர்ப்பாளர் ஓரத்தில் தபால்தலை அளவுக்குச் சுருங்கிவிடுவார். யாராவது திரையைப் பகிரும்போதும் இதே தொல்லை வரும்.

## 7. சாய்தளம், லிப்ட், கழிப்பறை: சக்கர நாற்காலியில் போகிறவர்களுக்கு

மேலே சொன்ன வரிசை அப்படியே பொருந்தும். மாறுவது ஒன்றே ஒன்று. "உங்கள் அலுவலகத்தில் ராம்ப் இருக்கிறதா" என்று கேட்காதீர்கள். யாரும் இல்லை என்று சொல்வதில்லை. பின்வாசலில் சரக்கு ஏற்றும் சரிவையும் ராம்ப் என்றுதான் நினைத்துக்கொள்வார்கள். கெட்ட எண்ணம் கிடையாது. நடந்து போகிறவர் கண்ணுக்கு இரண்டு படி தெரிவதே இல்லை.

அதனால் வழியைக் கேளுங்கள்: "வண்டியை விட்டு இறங்கும் இடத்திலிருந்து இன்டர்வியூ அறை நாற்காலி வரைக்கும், வழியில் எங்கெல்லாம் படியோ உயர்ந்த நிலைப்படியோ இருக்கிறது? செல்போனில் படம் எடுத்து அனுப்ப முடியுமா?" நுழைவாயில், செக்யூரிட்டி தடுப்பு, லிப்ட், அறைக் கதவு, கழிப்பறைக் கதவு. ஐந்து படங்கள் போதும். சென்னையில் தரைத்தளத்தை வண்டி நிறுத்த விட்ட கட்டடங்களில் லிப்டுக்குப் போகவே மூன்று படி இருக்கும். இது படத்தில்தான் மாட்டும்.

அளவும் சொல்லுங்கள். உங்கள் நாற்காலியின் அகலத்தைச் சக்கர வளையத்தோடு சேர்த்து அளந்து எழுதுங்கள். 66 செ.மீ. என்றால் கதவு திறந்த பிறகு கிடைக்கும் இடைவெளி குறைந்தது 75, 80 செ.மீ. இருந்தால்தான் கை இடிக்காமல் போகலாம். கழிப்பறைக் கதவுதான் பெரும்பாலும் இதில் தோற்கும்.

சரிவுக்கு 1:12 என்பது பொதுவான அளவுகோல். ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம். 15 செ.மீ. உயரமுள்ள படி மூன்று இருந்தால் உயரம் 45 செ.மீ.; அதற்கு 5.4 மீட்டர் நீளத்துக்குச் சாய்தளம் வேண்டும். "ஒரு பலகை போட்டுடறோம்" என்று சொன்னால் இந்தக் கணக்கைச் சொல்லுங்கள். மூன்று படிக்குக் குட்டையான பலகையைச் சாய்த்தால் நாற்காலி பின்பக்கம் கவிழும்.

"நாலு பேர் சேர்ந்து தூக்கிடுவோம்" என்பதையும் ஏற்காதீர்கள். பேட்டரி நாற்காலிகளில் பல 50 கிலோவைத் தாண்டும்; உட்கார்ந்திருப்பவர் எடை வேறு. பழக்கமில்லாத செக்யூரிட்டிகள் கைப்பிடியைப் பிடித்துத் தூக்கினால் அது கழன்று வரும். அதற்குப் பதிலாகத் தரைத்தளத்தில் ஓர் அறையையோ, நிறுவனத்தின் வேறு கிளையையோ, வீடியோ அழைப்பையோ கேளுங்கள். அறையை மாற்ற ஒரு ரூபாய் செலவில்லை என்பதால் இதற்குத்தான் வேகமாகச் சம்மதம் வரும்.

டெக் பார்க் போன்ற வளாகம் என்றால் வாசல் காவல் நிறுவனத்தின் கையில் இல்லை. உங்கள் வண்டி நுழைவாயில் வரை வர அனுமதி வேண்டும் என்று வண்டி எண்ணோடு முந்தைய நாளே சொல்லிவைக்கச் சொல்லுங்கள்.

## 8. முந்தைய நாளும் அன்றைய நாளும்

முந்தைய நாள் மதியத்துக்குள் ஒரு செய்தி அனுப்புங்கள்: "நாளை காலை 10.30. மொழிபெயர்ப்பாளர் 10.15-க்கு வரவேற்பறைக்கு வந்துவிடுவார். உறுதிதானே?" மாலையில் அனுப்பினால் ஏதாவது தவறியிருந்தாலும் சரிசெய்ய நேரமிருக்காது. மொழிபெயர்ப்பாளருக்கும் தனியாக ஒரு செய்தி. இருவரும் ஒரே நேரத்தைச் சொல்கிறார்களா என்று பாருங்கள்.

அப்படியும் அன்றைக்கு ஆள் வரவில்லை என்றால் என்ன செய்வது? அரைகுறையாக எழுதிக் காட்டி இன்டர்வியூவை முடித்துவிட்டு வராதீர்கள். ஒருமுறை நடந்து முடிந்தால் அந்த மதிப்பெண்தான் பதிவாகும். பிறகு என்ன சொன்னாலும் சாக்குப் போலத்தான் இருக்கும். டேலி தேர்வு போன்று மொழிபெயர்ப்பாளர் தேவைப்படாத பகுதியை அன்றே முடித்துக்கொள்ளுங்கள். மற்றதற்கு அங்கேயே வேறு தேதி கேளுங்கள். கிளம்பும் முன் வரவேற்பறையில் உட்கார்ந்தே மெயில் அனுப்பிவிடுங்கள்: எத்தனை மணிக்கு வந்தீர்கள், என்ன நடக்கவில்லை, எந்தப் புதிய தேதியை யார் ஒப்புக்கொண்டார். குற்றச்சாட்டு வேண்டாம், நடந்தது மட்டும்.

## 9. மறுத்துவிட்டால்

எழுத்தில் மறுப்பு வந்தால் இப்போது சட்டத்தைச் சொல்லலாம். 2016 சட்டத்தில் பாகுபாடு என்பதற்குக் கொடுத்திருக்கும் விளக்கத்திலேயே, நியாயமான வசதியை மறுப்பதும் பாகுபாடுதான் என்று இருக்கிறது. ஆனால் அதே சட்டம், அளவுக்கு மீறிய சுமையாக இருக்கும் ஏற்பாட்டை வசதிக் கணக்கில் சேர்க்கவில்லை. இரண்டு மணி நேர மொழிபெயர்ப்பாளர் கட்டணம் ஒரு நடுத்தர நிறுவனத்துக்கு அப்படிப்பட்ட சுமை என்று வாதிடுவது கடினம். நாலு பேர் வேலை செய்யும் ஆடிட்டர் அலுவலகம் வாடகைக் கட்டடத்தில் லிப்ட் வைக்கவில்லை என்பது வேறு.

அரசு நிறுவனம் என்றால் உங்கள் கை இன்னும் பலமாக இருக்கும். வேலை விஷயத்தில் நியாயமான வசதியைச் செய்துதர வேண்டும் என்று 20-வது பிரிவு அவர்களை நேரடியாகக் கட்டுப்படுத்துகிறது. தனியார் நிறுவனத்தின் மேல் அதே பிடி கிடையாது. அதனால் தனியாரிடம் முதலில் அவர்களுடைய சம வாய்ப்புக் கொள்கையையே காட்டிக் கேளுங்கள். அவர்களே எழுதியதை அவர்கள் மறுக்க மாட்டார்கள்.

அதிலும் நகரவில்லை என்றால் மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையரிடம் புகார் கொடுக்கலாம். அழைப்பு மெயில், உங்கள் கோரிக்கை, நினைவூட்டல், அவர்கள் பதில் என்று தேதி வரிசையில் இணையுங்கள். ஆணையர் விசாரித்துப் பரிந்துரை செய்வார். அதற்கு நாளாகும், கைவிட்டுப்போன இந்த வேலைக்குள் முடியும் என்று எண்ணிக் காத்திருக்காமல் மற்ற விண்ணப்பங்களைத் தொடருங்கள்.

## 10. அடுத்த ரவுண்டுக்கு மறுபடியும் சொல்லுங்கள்

முதல் ரவுண்டு நன்றாகப் போனதும் பலர் இங்கேதான் அசந்துவிடுகிறார்கள். அடுத்த ரவுண்டை வேறு ஆள், வேறு ஊரிலிருந்து நடத்துவார். உங்கள் பழைய ஏற்பாடு பற்றி அவருக்கு ஒன்றும் தெரிந்திருக்காது. அழைப்பு வந்த உடனே பழைய மெயிலையே அனுப்பி, "சென்ற முறை செய்ததுபோலவே இப்போதும் தேவை" என்று ஒரு வரி சேருங்கள். புதிய தேதிக்கு அதே மொழிபெயர்ப்பாளர் கிடைப்பாரா என்று முதலில் கேட்டுவிடுங்கள். உங்கள் சைகையும் உங்கள் துறைச் சொற்களும் அவருக்கு ஏற்கெனவே பழகியிருக்கும்.

வேலை உறுதியாகி ஆணை வரும்போது, பணியிடத்தில் என்ன வேண்டும் என்பதை வேறொரு மெயிலில் கேளுங்கள். இன்டர்வியூவுக்குச் செய்த ஏற்பாடு ஒரு நாளுக்கானது. வாராந்திரக் கூட்டத்துக்கு மொழிபெயர்ப்பாளர், மேசை உயரம், கழிப்பறைக் கதவு எல்லாம் தொடர்ந்து தேவைப்படுபவை. அதற்கு ஒப்புதல் தருபவரும் வேறு ஆள். சேரும் தேதிக்கு இரண்டு வாரம் முன்னால் அந்த மெயில் போய்விட்டால், முதல் நாள் உள்ளே போகும்போது மேசை தயாராக இருக்கும்.